மூன்று தினங்களுக்குள் அனுப்பிவைக்கவும்

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வரை போனால் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டைக் கடந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறது. மற்றது கொட்டகுடி ஆற்றை ஒட்டிக் குரங்கணிக்குப் போகிறது. மூணாறு பக்கத்துத் தேயிலை ஒருகாலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றுத் தடத்தில் இறங்கிவந்தது இந்தப் பக்கமாகத்தான். இன்று அந்தச் சரிவுகளில் மிஞ்சியிருப்பவை நடைப்பாதைகள். அவற்றில் ஒன்று டாப் ஸ்டேஷனுக்கும் இன்னொன்று கொழுக்குமலைக்கும் ஏறுகின்றன. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காய்ந்த புல்சரிவில் காட்டுத்தீயிடம் மாட்டிக்கொண்டார்கள். சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பக்கமிருந்தும் வந்திருந்த 30க்கும் மேற்பட்டோரில், அன்றும் அடுத்த வாரங்களில் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்துபோனார்கள்.

அந்த நாளைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அனுமதி இருந்ததா, வழிகாட்டிகள் யார், தீயை மூட்டியது யார் என்ற கேள்விகள் அலசப்பட்டன. அரசு அன்றைய வருவாய், பேரிடர் மேலாண்மைத் துறையின் முதன்மைச் செயலாளர் அதுல்ய மிஸ்ராவை விசாரணைக்கு நியமித்தது. அதே ஆண்டில் வனப்பகுதி மலையேற்றத்துக்கென்று தனி விதிகளும் வந்தன. இவை எல்லாம் வேண்டியவைதாம். நான் எழுத நினைப்பது இவற்றுக்குக் கீழே இருக்கும் சின்ன விஷயம் ஒன்றைப் பற்றி. ஒரு துறையில் வேலை பார்ப்பவர் இன்னொரு துறைக்காரரிடம் ஒரு விவரத்தைக் கேட்பது. அவருக்கு உத்தரவிட இவருக்கு அதிகாரம் இல்லை. மறுத்தால் இவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்த விவரம் கிடைக்காவிட்டால் இவருடைய வேலை வெறும் காகித வேலையாகிவிடும்.

குரங்கணிச் சரிவில் ஒருவர் ஏறுவதைப் பற்றிய அறிவு எப்படிச் சிதறிக்கிடக்கிறது என்று பார்க்கலாம். முந்தலில் காட்டுக்குள் போகிறவர்களை வனத்துறை பார்க்கிறது. எந்தப் பாதைக்கு அனுமதி என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். 2018இல் டாப் ஸ்டேஷன் பாதைக்கு அனுமதி வாங்கிக்கொண்டு கொழுக்குமலைக்குப் போனார்கள் என்பதுதான் பின்னால் பெரிதாகப் பேசப்பட்ட குற்றச்சாட்டு. மேலே இரவு தங்குகிறவர்கள் யார் என்பது எஸ்டேட்காரர்களுக்கும் ஜீப் ஓட்டுநர்களுக்கும் தெரியும். கீழே பட்டா நிலத்தில் யார் எப்போது சருகைக் கூட்டிக் கொளுத்துவார்கள் என்பது கிராம நிர்வாக அலுவலருக்கும் கிராம உதவியாளருக்கும் தெரியும். போடி தீயணைப்பு நிலையத்துக்கு வண்டி எதுவரை போகும் என்பது தெரியும். இப்படி ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருக்கிறது. அதைப் பக்கத்து அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டிய கடமை யாருடைய தினசரி வேலையிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. யாராவது ஒருவர் கேட்டால்தான் உண்டு.

கேட்கும் அதிகாரம் சட்டத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தை ஆட்சியரின் தலைமையில் வைக்கிறது. ஆபத்து நேரத்தில் எந்தத் துறையின் ஆளையும் பொருளையும் அவர் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் இந்த அதிகாரம் ஆட்சியர் மட்டத்தில் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் தீ பற்றிய பிறகு உயிர்பெறுகிறது. ஜனவரி மாதத்தில், மலை இன்னும் பாதி பச்சையாக இருக்கும்போது, வட்டாட்சியர் அலுவலகத்தில் கோடைத் தயாரிப்புக் கோப்பைத் திறக்கிற துணை வட்டாட்சியருக்கு அது கைகொடுப்பதில்லை. அவர் வனச்சரக அலுவலருக்கு மேலதிகாரி அல்ல. வனச்சரக அலுவலர் பதில் சொல்ல வேண்டியது மாவட்ட வன அலுவலருக்கு. இரண்டு ஏணிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றின் நடுப்படியில் நிற்பவர் மற்றதன் நடுப்படியில் நிற்பவரிடம் கை நீட்ட வேண்டியிருக்கிறது.

அவர் வழக்கமாக என்ன செய்வார் என்பது நம் அலுவலகங்களில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கடிதம் போடுவார். ந.க. எண், பொருள், பார்வை எல்லாம் ஒழுங்காக இருக்கும். போடி வனச்சரகத்தில் கடந்த ஐந்தாண்டுகளில் ஏற்பட்ட தீ விபத்துகளின் விவரத்தை, வருவாய்க் கிராமம், புல எண் வாரியாகவும் நிதியாண்டு வாரியாகவும், இணைப்பில் கண்ட படிவத்தில் பூர்த்தி செய்து மூன்று தினங்களுக்குள் அனுப்பிவைக்கவும் என்றிருக்கும். கடைசியில், நகல் மாவட்ட ஆட்சியருக்குப் பணிந்து அனுப்பப்படுகிறது. மூன்று தினங்கள் மூன்று வாரமாகும். முதல் நினைவூட்டு போகும், இரண்டாவது நினைவூட்டு போகும். பிறகு ஒரு நாள் படிவம் திரும்பி வரும். அதில் பல கட்டங்களில் ‘இல்லை’ என்றும் சிலவற்றில் சென்ற ஆண்டு கொடுத்த அதே எண்ணும் இருக்கும். கோப்பு நிறைவடைந்துவிடும். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் மறுக்கவுமில்லை. மலையைப் பற்றி எதுவும் தெரியவரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் ஏன் தோற்கிறது என்பதை நாம் பெரும்பாலும் ஆட்களின் குணத்தில் தேடுகிறோம். வனத்துறைக்காரர்கள் ஒத்துழைக்க மாட்டார்கள் என்கிறோம். அவர்கள் வருவாய்த்துறைக்காரர்களுக்கு அதிகாரத் தோரணை என்கிறார்கள். குணம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கடிதத்தையே எடுத்துப் பார்த்தால், எவ்வளவு நல்ல மனிதர் பெற்றாலும் அதற்குச் சரியான பதில் எழுத முடியாது என்பது புரியும். முதலில் புல எண். காப்புக்காட்டுக்குள் புல எண்ணை வைத்து வனத்துறையில் யாரும் வேலை செய்வதில்லை. அவர்களுக்குச் சரகம், அதற்குள் பிரிவு, அதற்குள் பீட். ஒரு தீ எந்த பீட்டில் எரிந்தது என்பது வனக்காப்பாளருக்குத் தூக்கத்திலும் தெரியும். அது எந்த வருவாய்க் கிராமத்தில் சேரும் என்று கேட்டால் அவர் இரண்டு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும், அந்த இரண்டாவது வரைபடம் அவரிடம் இல்லை. கேட்டவருடைய அலுவலகத்தில்தான் இருக்கிறது. கேட்பவரின் கையில் உள்ளதை வைத்து அடுத்தவர் செய்ய வேண்டிய வேலையாகக் கேள்வி அமைந்துவிட்டது.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. தேனிச் சரிவுகளில் பனி நின்று புல் காய்ந்து, பிப்ரவரி முதல் கோடை மழை பிடிக்கும்வரை தீக்காலம். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஆகவே நிதியாண்டு வாரியாகக் கேட்டால் ஒரே தீக்காலம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டு ஆண்டுகளின் கட்டங்களில் விழும். ஒரு மோசமான பருவம் இரண்டு சாதாரண ஆண்டுகளாகத் தெரியும். வருவாய்த்துறையின் சொந்தப் பசலி ஆண்டு ஜூலை முதல் ஜூன் வரை ஓடுகிறது. அதைப் பயன்படுத்தியிருந்தாலே பருவம் முழுதாக ஒரு கட்டத்துக்குள் வந்திருக்கும். பட்ஜெட்டுக்கான பழக்கம் காட்டுக்கான கேள்வியிலும் புகுந்துவிட்டது.

மூன்றாவது, ‘தீ விபத்து’ என்பது எது என்று கடிதம் சொல்லவில்லை. இதுதான் மற்ற இரண்டையும்விட ஆழமான சிக்கல். டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள்கள் கண்ட வெப்பப் புள்ளிகளைக் களப்பணியாளர்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. சுவோமி என்.பி.பி. செயற்கைக்கோளில் உள்ள கருவி ஒரு புள்ளி என்று சொல்வது தரையில் 375 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம், ஏறக்குறைய 35 ஏக்கர். அந்த 35 ஏக்கரில் தீ எங்கே இருந்தது, காப்புக்காட்டிலா, அதன் ஓரத்துப் பட்டாவிலா என்பது புள்ளிக்குத் தெரியாது. வனத்துறையே தீத்தடுப்புக் கோடுகளில் காய்ந்த புல்லை முன்கூட்டி எரிக்கும். அதுவும் புள்ளியாக வரலாம். ஒரே தீ இரண்டு நாள் எரிந்தால் பல புள்ளிகளாகும். இன்னொரு பக்கம், அந்தக் கருவி ஓர் இடத்தைக் கடப்பது பிற்பகல் ஒன்றரை மணி வாக்கிலும் நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி வாக்கிலும்தான். வேறு செயற்கைக்கோள்கள் சேர்ந்தாலும், பிற்பகல் இரண்டரைக்குப் புல்சரிவில் பற்றி இருட்டுவதற்குள் அணைந்த தீ எந்தப் பட்டியலிலும் வராமல் போகலாம். சரகத்தின் பதிவேடு இதிலிருந்து வேறுபட்டது. ஆள் போய்ப் பார்த்து, அணைத்து, எரிந்த பரப்பை எழுதியவை மட்டும் அதில் இருக்கும். ஆகப் புள்ளிகள் ஓர் எண், பதிவேடு வேறோர் எண், உண்மையில் எரிந்தது மூன்றாவது. ‘எத்தனை தீ’ என்று கேட்டால், கேட்கப்படுகிறவர் தன்னைக் குறைவாகக் காட்டும் எண்ணைக் கொடுப்பார். அவர் இடத்தில் நாமும் அதைத்தான் கொடுத்திருப்போம்.

ஏன் குறைவாகக் காட்ட வேண்டும்? இதற்கான பதில் அந்தக் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. ஆட்சியருக்கு நகல் போட்டவர் அதை வழக்கம் என்று நினைத்திருப்பார். பெற்றவர் அதை வேறு மாதிரி வாசிக்கிறார். இந்த எண் மாதாந்திரக் கூட்டத்தில் திரையில் விழும், அங்கே என் அலுவலர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதன்பின் அவர் என்னைக் கேட்பார் என்று படிக்கிறார். குரங்கணிக்குப் பிறகு தேனி மாவட்டத்தில் இந்தப் பயத்துக்குக் காரணம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தீயின் கணக்கு அங்கே ஒருவருடைய பணியிடை நீக்கத்தின் கணக்கும்கூட. நாம் தகவல் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் வாக்குமூலம் கேட்கப்படுவதாக உணர்கிறார். அதிகாரத்தின் நிழலை வைத்துக் கேட்டால் பதில் சீக்கிரம் வரலாம், உண்மை வராது. இரண்டும் ஒன்றல்ல என்பதை அறிந்தும் நாம் முதலாவதோடு திருப்தியடைகிறோம். கோப்பு கேட்பது அதைத்தான்.

சரி, வேறு எப்படிக் கேட்பது? அதே துணை வட்டாட்சியர் அதே ஜனவரியில் வேறு விதமாகத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். வெப்பப் புள்ளிகளின் விவரத்துக்காக அவர் வனத்துறையைக் கேட்க வேண்டியதே இல்லை. வன ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில் அவை கிடைக்கின்றன. பொதுமக்கள்கூடப் பதிவு செய்து எச்சரிக்கை பெறலாம். அவர் முதலில் அதை எடுத்து, தம்மிடம் இருக்கும் கிராம வரைபடத்தின்மேல் வைத்து, தம் வட்டத்துக்குள் விழும் புள்ளிகளைப் பருவம் பருவமாகப் பிரித்துக்கொள்கிறார். சென்ற பருவத்தில் குரங்கணி, கொட்டகுடிச் சரிவில் பன்னிரண்டு புள்ளிகள் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது அவரிடம் இல்லாதது எது என்று தெளிவாகிவிடுகிறது. பன்னிரண்டில் எவை உண்மையான தீ, எவை பட்டா நிலத்துச் சருகு, எவை வனத்துறையே எரித்த கோடு, பட்டியலில் வராமல் எரிந்தவை எவை. இந்த நான்கையும் உலகத்தில் இரண்டு மூன்று பேர்தான் சொல்ல முடியும். அந்தப் பிரிவின் வனவர், வனக்காப்பாளர், கூடப் போன வேட்டைத் தடுப்புக் காவலர்கள்.

அந்தத் தாளோடு அவர் சரக அலுவலகத்துக்குப் போகிறார். முதலில் வனச்சரக அலுவலரிடம். இதைத் தவிர்த்துவிட்டு, தெரிந்தவர் என்று நேரே வனவரைப் பிடிப்பது பலர் செய்வது. அன்றைக்கு விவரம் கிடைக்கும், அடுத்த முறை அந்த வனவர் பேசப் பயப்படுவார். “சார், படிவம் ஒண்ணும் கொண்டு வரலை. இதெல்லாம் நாங்களே எடுத்தது. இதுல எது நெசத் தீ, எது நம்ம ஊர்க்காரன் கொளுத்துனதுன்னு உங்க ஆளுங்களுக்குத்தான் தெரியும். அரை மணி நேரம் வனவர்கூட உக்காந்தாப் போதும்” என்று அவர் கேட்கலாம். வனச்சரக அலுவலர் கேட்கப்போகும் முதல் கேள்வி எல்லாச் சரகங்களிலும் ஒன்றுதான்: “இது எங்க போகும்?” இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதில்தான் மீதி எல்லாம் இருக்கிறது.

நேர்மையான பதில் முழுவதும் ஆறுதலானது அல்ல. “யாருக்கும் காட்ட மாட்டேன்” என்று சொல்வது எளிது, ஆனால் அது அவரால் காப்பாற்ற முடியாத வாக்கு. எழுத்தில் கோப்புக்கு வந்த எதையும் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் யாரும் கேட்கலாம். அடுத்த வட்டாட்சியர் வந்து அதை வேறெதற்கும் எடுக்கலாம். அவர் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கோடைத் தயாரிப்புத் திட்டத்துக்கு இது போகிறது, எண்ணிக்கையாகப் போகாது, எந்த இடத்தில் எந்தக் கிராமத்து ஆளை நிறுத்துவது என்பதாகப் போகும், அனுப்புவதற்கு முன் வரைவை உங்களிடம் காட்டுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். அந்தக் கடைசி வாக்கு மற்றவற்றைவிடப் பெரியது. தன் துறையைப் பற்றித் தனக்குத் தெரியாமல் ஒரு தாள் மேலே போய்விடும் என்பதுதான் எல்லா அலுவலகங்களிலும் உள்ள பழைய பயம். தாள் முதலில் தன்னிடம் வரும் என்று தெரிந்தால் ஆட்கள் வாய் திறக்கிறார்கள். அந்த வாக்கை ஒரு முறை மீறினாலும், சரகத்தில் மட்டுமல்ல, பக்கத்துச் சரகங்களிலும் பல ஆண்டுகளுக்கு வாய் மூடிவிடும்.

கொடுப்பதற்கும் அவரிடம் ஒன்று இருக்கிறது. நாம் கேட்கும்போது இதை மறந்துவிடுகிறோம், கெஞ்சுகிறவனிடம் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். காட்டை ஒட்டிய பட்டாக்கள் யார் யாருடையவை என்ற விவரம் வனத்துறைக்கு எப்போதும் வேண்டும். அது கிராம நிர்வாக அலுவலரின் கணக்கில் இருக்கிறது. சருகு கொளுத்தப்போகிற ஆள் முந்தின நாளே கிராம உதவியாளரிடம் சொல்லிவிட, அவர் வனக்காப்பாளருக்கு ஒரு போன் போட்டால், பிற்பகலில் புகையைப் பார்த்து மூன்று மைல் ஏறி இறங்கும் வேலை மிச்சமாகும். “என்னண்ணே, இன்னைக்கு எங்கிட்டாவது கொளுத்துறாங்களா?” என்று வனக்காப்பாளர் காலையில் கிராம உதவியாளரைக் கேட்கிற நிலை வந்துவிட்டால், எந்தக் கடிதமும் கொடுக்காத ஒன்று இரண்டு பக்கமும் கிடைத்துவிட்டது. இதில் பெருந்தன்மை ஏதுமில்லை. இருவருடைய வேலையும் இலேசாகிறது.

அரை மணி நேரத்தில் வனவர் சொல்வதை எப்படி நம்புவது என்பதும் ஒரு கேள்விதான். நல்ல மனதோடு சொன்னாலும் நினைவு தவறும், கோடையில் எல்லாத் தீயும் ஒன்றுபோல இருக்கும். இதற்கு ஒரு வழி, பன்னிரண்டு புள்ளிகளில் தம் ஆட்கள் நேரில் பார்த்த ஒன்றையும் சேர்த்து வைத்துக்கொள்வது. அந்த ஒன்றைப் பற்றி வனவர் சொல்வது கிராம உதவியாளர் சொன்னதோடு ஒத்துப்போனால் மற்றவற்றையும் ஓரளவு நம்பலாம். முரண்பட்டால் குற்றம் பிடிக்க வேண்டியதில்லை, இடத்தின் பெயரில்தான் பெரும்பாலும் குழப்பம் இருக்கும். மலையில் ஒரே ஓடைக்கு வனத்துறை ஒரு பெயரும் ஊர்க்காரர்கள் வேறு பெயரும் வைத்திருப்பார்கள். அந்த இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்வது, ஆபத்து நேரத்தில் தீயணைப்பு வண்டி தவறான திருப்பத்தில் திரும்பாமல் காக்கும். இன்னொரு அடையாளமும் உண்டு. உண்மையான விவரம் சீராக இருக்காது. “இது தெரியல சார், நான் அப்ப லீவு” என்று இரண்டு புள்ளிகளுக்காவது வர வேண்டும். பன்னிரண்டுக்கும் தயக்கமின்றிப் பதில் வந்தால், அது கேட்பவரைச் சீக்கிரம் அனுப்பிவைக்கச் சொன்ன பதிலாக இருக்கலாம்.

பேசி முடித்த பிறகு கடிதம் வேண்டும். முதலில் கடிதம், பிறகு பேச்சு என்பதை நாம் மாற்றிக்கொள்ள வேண்டுமே தவிர, கடிதமே வேண்டாம் என்பதில்லை. பேச்சில் கிடைத்ததைத் தணிக்கை ஏற்காது, அடுத்து வருபவருக்கும் அது இல்லை. இந்த இரண்டாவது கடிதம் சிறியது. இன்ன நாளில் கலந்து பேசியபடி இணைப்பில் கண்ட விவரங்கள் தொகுக்கப்பட்டன, கள விவரம் வனத்துறையைச் சார்ந்தது, திருத்தம் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன் என்று இருந்தால் போதும். பெறுபவர் எழுத வேண்டியது ஒரு வரிதான். முதல் கடிதம் எதிராளியின் மேசையில் வேலையை வைத்தது. இது வேலையை முடித்துவிட்டு ஒப்புதலை மட்டும் கேட்கிறது. மேலும், தரவு யாருடையது என்பதை அது தெளிவாக எழுதிவைக்கிறது. அடுத்தவர் உழைப்பைத் தம் அறிக்கையில் தமதாகக் காட்டுவது நம் அலுவலகங்களில் களவாகக் கருதப்படுவதில்லை. கொடுத்தவர் மட்டும் அதை மறப்பதில்லை.

இந்த வழி எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். வனச்சரக அலுவலர், “டி.எஃப்.ஓ. சொல்லாம எதுவும் தர முடியாது” என்று சொன்னால் அது பெரும்பாலும் உண்மையான வரம்பு, சாக்கு அல்ல. அப்போது அவரிடமே, “நான் எப்படி எழுதினால் உங்கள் அலுவலகத்தில் சுலபமாக நகரும்?” என்று கேட்டு, மாவட்ட வன அலுவலருக்குத் தம் வட்டாட்சியர் வழியாக எழுதுவதுதான் முறை. மேலே போவதில் அவமானம் ஏதுமில்லை, சொல்லாமல் போவதில்தான் இருக்கிறது. தாமதத்துக்கும் மறுப்புக்கும் உள்ள வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியும். தாமதிப்பவர் நாள் சொல்கிறார், மாற்றிச் சொன்னாலும் சொல்கிறார். மறுப்பவர் நாள் சொல்வதில்லை, “பார்க்கலாம்” என்கிறார். இரண்டாவது ‘பார்க்கலாம்’ வந்த பிறகும் நினைவூட்டு அனுப்பிக்கொண்டிருப்பவர் விவரத்தைத் தேடவில்லை, பின்னாளில் தம்மைக் காப்பாற்றும் கோப்பைத் தேடுகிறார்.

2018 மார்ச்சில் அன்று மாலை முதல் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்கும்போது ஒன்று மனதைத் தைக்கிறது. தீயில் சிக்கியவர்களைத் தேடிக் குரங்கணி ஊர்மக்களும் வனத்துறையும் காவல்துறையும் தீயணைப்பு வீரர்களும் இருட்டில் மேலே ஏறினார்கள். காயம்பட்டவர்களைத் துணியிலும் கம்பிலும் டோலி கட்டித் தோளில் இறக்கினார்கள். மாநில அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் விமானப்படை ஹெலிகாப்டர்களை அனுப்பியது. போடி, தேனி, மதுரை மருத்துவமனைகள் அவர்களை ஏற்றன. அன்றிரவு யாரும் யாரிடமும் ந.க. எண் கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் எந்தத் துறைக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர், ஆனாலும் முதலில் ஏறியவர்களில் அவர்கள் இருந்தார்கள். உயிர் போகும் நேரத்தில் அதிகாரம் இல்லாத உறவு நம்மிடம் தாராளமாக வேலை செய்கிறது. அதே மனிதர்கள் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், எந்தப் பாதையில் எத்தனை பேர் என்ற சாதாரண விவரத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வழக்கம் இல்லாமல் இருந்தார்கள். ஆபத்தில் கேட்பதற்கு நமக்குக் கூச்சமில்லை. சாதாரண நாளில் கேட்பதை ஒரு தாழ்வாக நினைக்கிறோம்.

கொழுக்குமலையின் நிலைமை இன்னும் கடினமானது. அந்தத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்துக்குள், போடி வட்டத்துக்குள் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் போக வேண்டும். ஒரு நாளில் மேலே எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்பது இடுக்கி மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும், அவர்களில் யாராவது இந்தப் பக்கச் சரிவில் இறங்கினால் பொறுப்பு தேனி மாவட்டத்துக்கு. போடி வட்டாட்சியர் அலுவலகத்தின் எந்த உத்தரவும் சூரியநெல்லியில் செல்லாது. சென்னையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு எழுதி வரவழைக்கும் தகவல் வரும்போது அந்தக் கோடை முடிந்திருக்கும். அங்கே வேலை செய்வது ஒன்றே ஒன்று. தீக்காலம் தொடங்கும் முன் போடிமெட்டைத் தாண்டிப் போய், அந்தப் பக்கத்து வருவாய்த்துறைக்காரரையும் காவல் நிலையத்தையும் ஜீப் ஓட்டுநர்களையும் பார்த்து, இன்னின்ன நாட்களில் எங்கள் பக்கத்துப் பாதை மூடியிருக்கும், யாராவது நடந்து இறங்குவதாகச் சொன்னால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வது. அவர்கள் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பதிலுக்கு அவர்கள் கேட்கக்கூடியதை, இந்தப் பக்கம் காற்று எப்படி, புகை எங்கே என்பதை, நாமும் அவ்வப்போது சொல்ல வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் செய்து முடித்த துணை வட்டாட்சியருக்கு மே, ஜூனில் மாறுதல் வரலாம். வனவருக்கும் வரலாம். சூரியநெல்லியில் கைபேசி எண் கொடுத்த காவலருக்கும் வரலாம். அதனால் கோப்பின் மேல் அவர் ஒரு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. எந்தப் புள்ளி எந்த பீட், எந்த ஓடைக்கு எந்த இரண்டு பெயர், யாரிடம் கேட்டது, என்ன சொல்லிக் கேட்டது, பதிலுக்கு என்ன கொடுப்பதாகச் சொன்னது, அதைக் கொடுத்தாயிற்றா இல்லையா. கடைசி விஷயம் எழுதப்படாமல் போனால், அடுத்த ஜனவரியில் வருபவர் ஒன்றும் தெரியாமல் அதே அறைக்குள் நுழைவார். எதிரில் இருப்பவருக்கு மட்டும் நினைவிருக்கும்.